அட்டை இருந்தால் ஓட்டுப் போட முடியுமா?

"வீடியோ ஸ்கிரிப்டில் 'வாக்காளர் அட்டை இருந்தால் ஓட்டுப் போடலாம்'னு எழுதினேன். தப்புங்கிறாங்க. எப்படி மாத்துறது?"

"வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் ஓட்டுப் போடலாம்" என்று மாற்றுங்கள். அட்டை அடையாளத்துக்குத்தான்; அது இல்லாவிட்டால் ஆதாரும் பாஸ்போர்ட்டும்கூடச் செல்லும்.

வீடு மாறியவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கல். பழைய தொகுதியில் பெயரை நீக்கியிருப்பார்கள், அட்டை மட்டும் பத்திரமாகப் பையில் இருக்கும்.

அடுத்த காட்சியில், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் electoralsearch.eci.gov.in தளத்தைக் காட்டுங்கள். பெயரைத் தட்டினால் எழுத்துக்கூட்டல் காலை வாரும். அட்டை எண்ணையே போடச் சொல்லுங்கள். வருகிற பாகம் எண், வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும்.

வாக்குச்சாவடிக் காட்சியில் நீலப் பொத்தானை அழுத்தியதும், பக்கத்துப் பெட்டிக் கண்ணாடியில், போட்ட ஓட்டின் சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி தெரிவதைக் காட்டுங்கள். திரையில் கற்பனைச் சின்னமே இருக்கட்டும்.

ஒன்று கவனம்: வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது.