ஸ்குவாஷ் பந்து: எந்தப் புள்ளி, எந்தக் கோர்ட்டுக்கு? (கேள்வி பதில்)

ஓசூர்: ஜனவரி காலை ஆறு மணிக்கு ஆடுறோம். ரெட்டை மஞ்சள் புள்ளி போட்ட பந்து எழும்பவே மாட்டேங்குது. பந்து பழசா, நாங்க சரியில்லையா?

பெரும்பாலும் ரெண்டும் இல்லைங்க, பந்து சூடாகல. ஒவ்வொரு அடியிலும் ரப்பர் நசுங்கி மீளும்போது கொஞ்சம் சக்தி வெப்பமா பந்துக்குள்ளேயே தங்கும். அதே நேரம் சுவரும் காற்றும் அந்தச் சூட்டை உறிஞ்சும். ரெண்டும் சமமாகிற இடத்தில் பந்தோட சூடு நிற்கும். உங்க கோர்ட் குளிர்ச்சி, ராலியும் அஞ்சாறு அடியில் முடியுதுன்னா, அந்தச் சமநிலை ரொம்பக் கீழேயே நின்னுடும்.

விதிப்படி பந்தைச் சோதிப்பது 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு. 23 டிகிரியில் குறைந்தது 12 சதவீதம் எழும்பணும், 45 டிகிரியில் குறைந்தது 25 சதவீதம். அதாவது ஒரே பந்து, சூடானால் ரெண்டு மடங்குக்கு மேல் எழும்பும்.

இதை நீங்களே பார்க்கலாம். வார்ம்-அப் முடிஞ்சதும் தோள் உயரத்திலிருந்து, சுமார் 140 செ.மீ.ன்னு வெச்சுக்கோங்க, பந்தைத் தள்ளாம விடுங்க. 35 செ.மீ. வரைக்கும், கிட்டத்தட்ட முழங்காலை எட்டுற மாதிரி வந்தா ஆடலாம். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, 17 செ.மீ. போல நின்னா இன்னும் அடிச்சுச் சூடாக்குங்க. சூடாக்கியும் ரெண்டாவது கேம் நடுவில் திரும்ப அந்த அளவுக்கே இறங்கினா, ஒற்றை மஞ்சளுக்கு மாறிடுங்க. டன்லப் கணக்குப்படி அதன் அளவு ரெட்டை மஞ்சளேதான். காற்றில் நிற்கிற நேரம் மட்டும் சுமார் 10 சதவீதம் கூடுதல். கையில் வித்தியாசமே தெரியாது.

அதே ஓசூர்க்காரர்: சார், ஓசூர் உயரமான ஊர், காற்று மெலிசு, அதனால பந்து வேகமாத்தானே போகணும்னு எங்க க்ளப்பில் ஒருத்தர் சொல்றார்.

திசை சரிதான். உயரம் கூடினால் பந்து வேகமாகும். ஆனா ஓசூர் 900 மீட்டருக்குள்தான். காலைக் குளிர் அதுக்கு எதிர்ப்பக்கம் இழுக்குது. ஜனவரியில் குளிர்தான் ஜெயிக்கும்னு நினைக்கிறேன். ஏப்ரல் சாயங்காலம் அவர் சொல்றதும் உண்மையாகலாம். மேலே சொன்ன சோதனையை ரெண்டு மாதத்திலும் செஞ்சு பாருங்க, நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கலாம்.

தர்மபுரி: ரெண்டு புள்ளின்னா ரெட்டை வேகம்தானே? நல்லா ஆடுறவங்களுக்கு அதுதான்னு கடையில் சொன்னாங்க.

பாதி சரி. நல்லா ஆடுறவங்களுக்கு என்பது சரி, வேகம் என்பது தலைகீழ். ரெட்டை மஞ்சள்தான் மெதுவானது; அடுத்து ஒற்றை மஞ்சள், சிவப்பு, நீலம்னு வேகம் ஏறிக்கிட்டே போகும். கடுமையா அடிக்கிறவங்களால்தான் மெதுவான பந்தைச் சூடாவே வெச்சிருக்க முடியும், அதனால்தான் அது அவங்க பந்து.

உங்க ஊர் மே மாதத்தில் இந்தக் கணக்கு மாறும். தகரக் கூரை கோர்ட்டில் மதியம் 36 டிகிரி இருந்தால் பந்து தொடங்கும்போதே பாதி சூடு. அங்கே சுமாரா ஆடுற க்ளப் ஆளுக்கும் ரெட்டை மஞ்சளே பொருந்தும்.

எப்படித் தெரியும்னா, சுவரை ஒட்டி ஒரு நல்ல டிரைவ் அடிச்சு ரெண்டாவது பவுன்ஸைப் பாருங்க. பின்சுவரும் தரையும் சேருற மூலைக்குப் பக்கத்தில் விழுந்தால் பந்து சரியான வேகத்தில் இருக்கு. பின்சுவருக்கு ரொம்ப முன்னாடியே விழுந்து செத்தால் பந்து மெதுவு. பின்சுவரில் பட்டு சர்வீஸ் பாக்ஸ் வரைக்கும் திரும்பி வந்தால் வேகம் அதிகம். அப்போ டிராப் ஷாட்டுக்கு மதிப்பே இருக்காது, யாருக்கு மூச்சு அதிகம்னு பார்க்கிற ஆட்டமாயிடும்.

கிருஷ்ணகிரி: அண்ணா, என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. எங்க ஊர் வெயிலுக்கு அவளுக்கும் ரெட்டை மஞ்சள் வாங்கிடட்டுமா?

வேண்டாங்க. மேலே சொன்னது பெரியவங்க அடிக்கு. குழந்தை அடிக்கிற அடியில் பந்துக்குச் சூடு சேராது. வெயில் தர்ற சூடு மட்டும் போதாது. நீலத்தில் தொடங்குங்க. அது சாதாரணப் பந்தைவிட 12 சதவீதம் பெரிசு, காற்றிலும் 40 சதவீதம் கூடுதலா நிற்கும். முன்சுவருக்கு நிறுத்தாம பத்துப் பதினைந்து அடி அடிக்க வந்ததும் சிவப்பு.

பர்கூர்: எங்க பந்து வழுக்கிட்டே போகுது. வேற கலர் மாத்தணுமா?

கலருக்கும் வழுக்கலுக்கும் சம்பந்தமில்லை. பந்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்க. மேல்பரப்பு மழமழன்னு மின்னுச்சுன்னா தேய்ஞ்சிருச்சு, மாத்துங்க. மின்னலைன்னா வியர்வையும் எண்ணெயும் படிஞ்சிருக்கும்: வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு, நல்லா உலர்த்தணும். கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சூடாக்குற பழக்கம் சிலருக்கு இருக்கு. பந்து ரெண்டு பாதியை ஒட்டினது, ஒட்டு விட்டுரும். மழைக்காலத்தில் சுவரே வியர்த்திருந்தால் எந்தப் பந்தும் வழுக்கும், காலும் வழுக்கும். அன்னிக்கு ஆடாதீங்க.