டிசைன் வேலைக்கு வர வேண்டிய பாக்கி: கடிதம் எப்படி எழுதுவது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். இங்கே கேட்டரிங் நடத்தும் ஓர் அண்ணனுக்கு லோகோ, மெனு கார்டு, இரண்டு பேனர் செய்து கொடுத்தேன். 1,800 ரிங்கிட்டில் 600 முன்பணம் வந்தது, மீதி இரண்டு மாதமாக வரவில்லை. கேட்டால், "பாத்துக்கலாம்மா" என்கிறார். அப்பாவோடு எஸ்டேட்டில் வேலை செய்தவர், கோயிலில் வாராவாரம் பார்க்கிறோம். உறவு கெடாமல் எப்படிக் கடிதம் எழுதுவது? காப்புரிமை என்னுடையது, பேனரை இறக்குங்கள் என்று சொல்லலாமா?

பதில்: பேனரை இறக்கச் சொல்ல வேண்டாம். மலேசியாவின் 1987 காப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவின்படி, ஒருவர் சொல்லிச் செய்வித்த படைப்பின் காப்புரிமை, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, செய்யச் சொன்னவருக்கே போய்விடும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களில் "பணம் வரும்வரை உரிமை எனக்கே" என்ற வரி இருக்கும். அவை பெரும்பாலும் வேறு நாட்டுச் சட்டத்தை நினைத்து எழுதியவை. அந்த வரியை நீங்களும் எழுதி, அண்ணன் அதை ஒரு வக்கீலிடம் காட்டினால், உங்கள் கடிதத்தின் பலம் அங்கேயே போய்விடும். போலீஸில் சொல்வேன் என்றும் எழுதாதீர்கள். பாக்கி தராதது சிவில் விவகாரம். தாமதக் கட்டணம் பற்றி முன்பே பேசியிருக்காவிட்டால் அதையும் சேர்க்க வேண்டாம்.

உங்களிடம் உண்மையாகவே இருப்பது கடன். கடிதம் அதை மட்டும் பேசட்டும். "பாத்துக்கலாம்" என்பவருக்கு இதுவரை வசதியாக இருந்தது தேதி இல்லாததுதான். எவ்வளவு, எந்த இன்வாய்ஸ், எந்த நாளுக்குள் என்ற மூன்றையும் எழுதிவிட்டால் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. அப்பா பெயரை இழுக்காதீர்கள். அது கடனைச் சலுகையாக மாற்றிவிடும். அண்ணன் என்றே அழையுங்கள், பக்கத்தில் "அவர்களுக்கு" சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தேதிகளைப் போட்டு இப்படி எழுதலாம்:

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கேட்டரிங் நிறுவனத்துக்காகச் செய்த லோகோ, மெனு கார்டு, இரண்டு பேனர் ஆகியவற்றை மே 30 அன்று ஒப்படைத்தேன். ஜூன் 2 அன்று அனுப்பிய இன்வாய்ஸ் எண் 014-இன்படி மொத்தம் 1,800 ரிங்கிட். நீங்கள் தந்த 600 ரிங்கிட்டைக் கழித்து, 1,200 ரிங்கிட் பாக்கி. ஜூன் 16-க்குள் தர வேண்டிய தொகை இது.

ஆகஸ்ட் 28-க்குள் இந்தத் தொகையை இன்வாய்ஸில் உள்ள வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே தடவையில் கட்டுவது சிரமம் என்றால், பாதியை அந்தத் தேதிக்குள்ளும் மீதியை செப்டம்பர் 30-க்குள்ளும் தரலாம். இரண்டில் எது என்று ஆகஸ்ட் 22-க்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

வேலையில் குறை ஏதும் இருந்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள். தேதிக்குள் பணமோ பதிலோ வராவிட்டால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை மனு கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குத் தேவை வராது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு, (உங்கள் பெயர்)

"குறை இருந்தால் சொல்லுங்கள்" என்ற வரியை வெட்டிவிடாதீர்கள். பணம் கேட்ட பிறகுதான் பலருக்கு "பேனர் கலர் சரியில்லை" என்பது ஞாபகம் வரும். கேட்டும் பேசாமல் இருந்தவர் பிறகு அந்தக் காரணத்தைச் சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

தவணையைக் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. "சரிம்மா, ரெண்டு தடவையா தரேன்" என்று அவர் வாட்ஸ்அப்பில் பதில் போட்டாலே, கடன் இருக்கிறது என்று அவரே எழுதிக் கொடுத்ததாகிறது. அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள். கடிதத்தை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக அனுப்பிவிட்டு, ஒரு பிரதியைப் பதிவுத் தபாலிலும் போடுங்கள். கோயிலில் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், பணத்தைப் பற்றி அங்கே பேச வேண்டாம். நாலு பேர் முன்னால் கேட்டால் பேச்சு கடனிலிருந்து மானத்துக்குத் தாவிவிடும்.

நீதிமன்ற வரி வெறும் மிரட்டல் இல்லை. 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட தொகையை இந்தச் சிறு கோரிக்கை முறையில் கேட்கலாம். போராங் 198 என்ற படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுக்கலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை. இன்வாய்ஸ், ஒப்படைத்ததற்கான செய்தி, இந்தக் கடிதம், முன்பணம் வந்த வங்கிப் பதிவு ஆகிய நான்கும் கையில் இருந்தால் போதும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகாதீர்கள், அது வாங்குபவர்களுக்கானது. ஒப்பந்தக் கடனைக் கேட்க ஆறு வருடம் வரை காலம் உண்டு, ஆனாலும் நீங்களே போட்ட தேதியைத் தாண்டிப் பேசாமல் இருந்தால் அடுத்த கடிதத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த வேலைக்கு கொட்டேஷனிலேயே "முழுப் பணம் கட்டும்வரை காப்புரிமை டிசைனரிடம் இருக்கும்" என்று எழுதி, கையெழுத்து வாங்குங்கள். அப்போது நீங்கள் கேட்ட அந்த உரிமை உங்களிடம் நிற்கும்.