முன்பாதி பொய்யாக இருந்தால் முழு வாக்கியம் எப்படி மெய்யாகும்?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். மெய்மை அட்டவணையில் p தவறாக இருந்தால் p → q, அதாவது ‘p என்றால் q’, எப்போதும் மெய் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ‘சென்னை கேரளத்தில் இருந்தால் 2 + 2 = 5’ என்பதும் மெய்யா? டியூஷனில் கேட்டால் மனப்பாடம் செய்துகொள் என்கிறார்கள்.

பதில்: ஆமாம், மெய்தான். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, காரணம் இருக்கிறது.

‘ஓர் எண் 4-ஆல் மீதியின்றி வகுபட்டால், அது 2-ஆலும் வகுபடும்.’ எந்த முழு எண்ணுக்கும் இது பொருந்தும் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்காது. எந்த எண்ணுக்கும் என்றால், நீங்கள் எதைப் போட்டாலும் வாக்கியம் மெய்யாக நிற்க வேண்டும். 8-ஐப் போடுங்கள்: இரண்டு பாதியும் மெய். அப்புறம் 6: நான்கால் வகுபடாது, இரண்டால் வகுபடும். முன்பாதி தவறு, பின்பாதி மெய். அடுத்து 7: இரண்டு பாதியும் தவறு. 6-க்கோ 7-க்கோ வாக்கியம் தவறு என்று அட்டவணை சொன்னால், ‘எந்த எண்ணுக்கும்’ என்ற கூற்றே உடைந்துவிடும். அதைக் காப்பாற்ற வேண்டுமானால், p தவறாக உள்ள இரண்டு வரிசையிலும் ‘மெய்’ என்றுதான் போட்டாக வேண்டும். நான்கால் வகுபட்டு இரண்டால் வகுபடாத எண் ஒன்று கிடைத்தால் மட்டுமே வாக்கியம் விழும். அப்படி ஓர் எண் கிடையாது.

வேறு மாதிரி நிரப்பிப் பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வருவோம். p தவறாக உள்ள இரண்டு வரிசையிலும் ‘தவறு’ என்று போட்டால் கிடைப்பது ‘p மற்றும் q’. q மெய்யாக உள்ள வரிசைக்கு மட்டும் ‘மெய்’ என்றால், அது வெறும் q-வின் அட்டவணை. p-க்கு வேலையே இல்லை. இரண்டுமே தவறாக உள்ள வரிசைக்கு மட்டும் ‘மெய்’ என்றால், அது ‘இருந்தால், இருந்தால் மட்டுமே’ என்ற இருநிபந்தனைக் கூற்று. மிஞ்சுவது புத்தகத்தில் உள்ள அட்டவணை ஒன்றுதான்.

பிறகு ஏன் மனசு ஒப்பவில்லை? பேச்சில் நாம் ‘-ஆல்’ சேர்க்கும்போது இன்னும் இரண்டு சங்கதிகளைச் சொல்லாமலே சேர்த்துவிடுகிறோம். ‘பாஸ் பண்ணினால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்’ என்று அப்பா சொன்னால், ஃபெயிலானால் சைக்கிள் இல்லை என்றும் பிள்ளை புரிந்துகொள்ளும். தர்க்கப்படி அப்பா அதைச் சொல்லவே இல்லை. பிள்ளை ஃபெயிலாகி, அப்பா மனசு இரங்கி வாங்கிக் கொடுத்தாலும் அவர் வாக்குத் தவறியதாகாது. இரண்டாவது, முன்பாதிக்கும் பின்பாதிக்கும் ஏதோ தொடர்பு இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். சென்னைக்கும் கூட்டலுக்கும் தொடர்பு இல்லாததுதான் உங்களை உறுத்துகிறது. அம்புக்குறி தொடர்பைப் பார்ப்பதில்லை; இரண்டு பாதிகளும் மெய்யா தவறா என்பதை மட்டுமே பார்க்கிறது.

இந்த உறுத்தல் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. கிரேக்கத்தில் ஃபிலோ என்பவர், மெய்யில் தொடங்கிப் பொய்யில் முடிந்தால் மட்டுமே நிபந்தனைக் கூற்று பொய் என்றார். இன்றைய அட்டவணை அதுதான். அவருக்கு ஆசிரியராக இருந்த டயோடோரஸ் ஒப்புக்கொள்ளவில்லை. ‘பகலானால் நான் பேசிக்கொண்டிருப்பேன்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் நான் பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துச் சொன்னால், ஃபிலோவுக்கு அது மெய். டயோடோரஸுக்கு அது போதாது. எந்த நேரத்திலும் மெய்யில் தொடங்கிப் பொய்யில் முடியக் கூடாது. நான் வாய்மூடியிருக்கும் ஒரு பகல் வந்தாலே வாக்கியம் பொய். மேலே எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோமே, அதுபோல அவர் நேரங்களைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார். பேச்சுவழக்கு பெரும்பாலும் டயோடோரஸ் பக்கம்தான் என்பது என் எண்ணம்.

அம்புக்குறிக்கு எட்டாத இடமும் உண்டு. ‘சென்னை கேரளத்தில் இருந்திருந்தால் அங்கே மலையாளம் பேசியிருப்பார்கள்’ என்பது நியாயமாகப் படுகிறது. ‘ஃபிரெஞ்சு பேசியிருப்பார்கள்’ என்பது படவில்லை. முன்பாதி தவறு என்பதால் அட்டவணை இரண்டுக்குமே ‘மெய்’ என்றுதான் போடும். ‘இருந்திருந்தால்’ வகை வாக்கியங்களை அளக்க இந்த அட்டவணை உதவாது.

கடைசியாக, பரீட்சையில் பலர் சறுக்கும் இடம். உங்கள் சென்னை வாக்கியம் மெய் என்பதால் 2 + 2 = 5 மெய்யாகிவிடாது. p → q மெய் என்பது மட்டும் கையில் இருந்தால் q வெளியே வராது. p மெய் என்பதும் தனியாகக் கையில் இருக்க வேண்டும். சென்னை கேரளத்தில் இல்லை, அதனால் அந்த 5-ஐ உங்களால் ஒருநாளும் எடுக்க முடியாது.