கையெழுத்திட்டால் ஊதிய உரிமை போய்விடுமா?

"ஆறு மாதம் ஊதியமில்லாப் பயிற்சிக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டேன். மூன்றாம் மாதம் ஓர் ஊழியர் விலகியதும், அவர் பார்த்த வாடிக்கையாளர் கணக்குகளை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஊதியம் கேட்க முடியுமா?"

கேட்கலாம் என்பதே என் கருத்து. குறைந்தபட்ச ஊதியம் சட்டத்தின் வழி வருவதால், ஒருவர் ஊழியர் என்று தீர்மானிக்கப்பட்டுவிட்டால், அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த தாள் பெரும்பாலான நாடுகளில் செல்லாது. ஆகவே நீங்கள் செய்தது பயிற்சியா, வேலையா என்பதுதான் கேள்வி.

1947-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரயில்வே யார்டில் பிரேக் இயக்கும் வேலைக்காக ஏழெட்டு நாள் பயிற்சி பெற்றவர்களை, அந்தப் பயிற்சிக் காலத்தில் ஊழியர்கள் அல்லர் என்றது. அவர்கள் யாருடைய இடத்தையும் நிரப்பவில்லை. அவர்களால் வேலை விரைவாகவில்லை, சில வேளை தடைப்படவும் செய்தது. அந்த அளவுகோலை உங்கள் நிலைக்கு வைத்துப் பார்த்தால், முதல் இரண்டு மாதங்கள் பயிற்சியாகத் தோன்றலாம். ஆனால் விலகியவரின் இடத்தில் நீங்கள் அமர்ந்த நாளிலிருந்து நிறுவனம் ஒரு சம்பளத்தை மிச்சப்படுத்துகிறது.

அந்த நாளைத் துல்லியமாகக் குறித்து, கணக்குகளை ஒப்படைத்த மின்னஞ்சலையும், தினசரி வேலை நேரத்தையும், உங்கள் வேலையை யாராவது சரிபார்த்துத் திருத்தினார்களா என்பதையும் பதிவு செய்யுங்கள். (திருத்த ஆளே இல்லையென்றால், அதுவே வலுவான சான்று.) பிறகு அந்தத் தேதி முதலான ஊதியத்தை எழுத்துமூலம் கேளுங்கள், மறுத்தால், புகார் கொடுப்பதற்கான காலக்கெடு முடியும் முன் தொழிலாளர் துறையை அணுகுங்கள். கல்லூரிப் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாகவோ, பதிவு செய்த தொழிற்பழகுநர் ஒப்பந்தமாகவோ இருந்தால் விதிகள் வேறு.