கன்சோல் வாங்கினால் டிவியையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: பிளேஸ்டேஷன் 5 வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். வீட்டில் இருப்பது 2017இல் வாங்கிய 43 அங்குல ஃபுல் எச்டி டிவி. 4கே டிவி இல்லாமல் இதை வாங்கினால் பணம் வீண் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?

உண்மையில்லை. கன்சோலை மட்டும் வாங்குங்கள். பெட்டியிலேயே வரும் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும், டிவி தன்னால் எவ்வளவு காட்ட முடியும் என்பதைக் கன்சோலுக்குத் தெரிவித்துவிடும். கன்சோலும் அதற்கேற்ப 1080பி படத்தை அனுப்பும். பெரும்பாலான விளையாட்டுகளில் கன்சோல் படத்தை அதைவிடக் கூடுதல் தெளிவில் வரைந்து பிறகு சுருக்கியே அனுப்புவதால், பழைய டிவியிலும் கோடுகளின் ஓரங்கள் பிசிறில்லாமல் தெரியும். விளையாட்டுகள் விரைவாகத் திறப்பதற்கும் நொடிக்கு 60 பிரேம் ஓடுவதற்கும் 4கே திரை தேவையே இல்லை. பல விளையாட்டுகளில் தெளிவுக்கு முன்னுரிமை தரும் முறை, வேகத்துக்கு முன்னுரிமை தரும் முறை என இரண்டு இருக்கும். உங்கள் டிவிக்கு இரண்டாவதே பொருத்தம். கன்சோல் அமைப்புகளின் Game Presets பகுதியில் Performance Mode என்பதை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால், அந்த அமைப்பை ஏற்கும் விளையாட்டுகள் அதையே பின்பற்றும்.

4கே இல்லாததால் எவ்வளவு இழக்கிறீர்கள் என்பதை ஒரு அளவு நாடாவே சொல்லிவிடும். 43 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அதை 1920 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் வரும். அந்த அளவுள்ள புள்ளியை, குறையில்லாத கண் சுமார் ஐந்தரை அடிக்குள் இருந்தால்தான் தனியாகப் பிரித்தறியும். சோபாவுக்கும் திரைக்கும் இடையே எட்டு அடி இருக்குமானால், அதே அளவுள்ள 4கே டிவியை அங்கே வைத்தாலும் தெளிவில் வேறுபாடு காண்பது கடினம். 55 அங்குலத்தில் அந்த எல்லை ஏழு அடிக்குப் போகும். ஆகவே 4கேயின் பயன், பெரிய திரையோ நெருங்கிய இருக்கையோ இருந்தால்தான் கைக்கு வரும். நீங்கள் உண்மையாகவே இழப்பது எச்டிஆர் எனப்படும் கூடுதல் ஒளி வீச்சைத்தான். அதற்கும் கன்சோல் தானாகவே சாதாரண வண்ண முறைக்கு மாறிக்கொள்ளும் என்பதால் படம் கெட்டுப்போகாது.

கேள்வி: கன்சோலை வாங்கி மாட்டிவிட்டோம். படத்தின் நாலு ஓரமும் வெட்டுப்படுகிறது. பட்டனை அழுத்தினால் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். டிவி பழசு என்பதால்தானே?

டிவியின் வயது இதற்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அதன் அமைப்புகளே காரணம். ஓரம் வெட்டுப்படுவது, பழைய ஒளிபரப்புக்காகப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் வழக்கத்தின் மிச்சம். டிவியின் படவடிவ அமைப்பில் Just Scan, Screen Fit, Full Pixel என நிறுவனத்துக்கு ஒரு பெயரில் இதை நிறுத்தும் வழி இருக்கும். முதலில் அதைச் செய்யுங்கள். அது இல்லாத டிவியில் மட்டும் கன்சோலின் Adjust Display Area மூலம் படத்தைச் சுருக்கிக்கொள்ளலாம்.

தாமதத்தைத்தான் நான் அதிகம் பொருட்படுத்துவேன், ஏனென்றால் புதியவர்கள் கன்சோலையே வெறுத்துவிடுவது இதனால்தான். டிவி ஒவ்வொரு படத்தையும் மெருகேற்றிய பிறகே திரைக்கு அனுப்புகிறது. திரைப்படம் பார்க்கும்போது அந்த நேரம் நமக்குத் தெரிவதில்லை. விளையாடும்போது விரலுக்கும் திரைக்கும் நடுவே அது வந்து நின்றுகொள்கிறது. 60 பிரேம் விளையாட்டில் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி நொடி என்றால், 100 மில்லி நொடி எடுத்துக்கொள்ளும் டிவி ஆறு பிரேம் பின்தங்கிவிடுகிறது. டிவியின் அமைப்புகளில் கேம் மோட் போட்டால் இந்த மெருகேற்றும் வேலை பெருமளவு நின்றுவிடும். பல டிவிகளில் இந்த அமைப்பு ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியாக இருப்பதால், கன்சோல் மாட்டியிருக்கும் போர்ட்டுக்கு மாறிய பிறகே அதைப் போட வேண்டும்.

பலன் தெரிகிறதா என்பதைச் செல்போனிலேயே சோதிக்கலாம். எங்கள் வீட்டில், கட்டைவிரலும் திரையும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி போனை நிறுத்தி, நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பதிவு செய்தேன். பட்டன் அமுங்கியதிலிருந்து பாத்திரம் அசையும் வரை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எண்ணியபோது, கேம் மோட் இல்லாமல் 41 பிரேம், போட்ட பிறகு 25 பிரேம் வந்தது. ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 4.2 மில்லி நொடி என்று கொண்டால், 16 பிரேம் வித்தியாசம் என்பது 67 மில்லி நொடி. மீதமுள்ள தாமதத்தில் கன்ட்ரோலருக்கும் கன்சோலுக்கும் விளையாட்டுக்கும் பங்கு உண்டு என்பதால், இரண்டு எண்ணிக்கைக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே கணக்கில் கொள்ளுங்கள். கேம் மோட் போட்டும் எண்ணிக்கை குறையவில்லை என்றாலோ, உங்கள் டிவியில் அந்த அமைப்பே இல்லை என்றாலோ, டிவியை மாற்ற அதுவே நியாயமான காரணம்.

கேள்வி: எங்களிடம் இருப்பது மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டை மட்டும் உள்ள பெட்டி டிவி. கன்வெர்ட்டர் போட்டால் வேலை செய்யாதா?

கன்சோல் விளையாட்டுக்கு அது உதவாது. படம் வரக்கூடும், ஆனால் எழுத்துகளைப் படிக்கவே முடியாது, மலிவான கன்வெர்ட்டர் தன் பங்குக்கும் தாமதம் சேர்க்கலாம். அவசரத்துக்கு முயன்றே ஆக வேண்டும் என்றால், எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் கருவியைக் கேட்டு வாங்குங்கள். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதும் அச்சு அசலாக அதேபோல் இருக்கும் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் நிலையில் டிவி வாங்கத்தான் வேண்டும். 32 அங்குலச் சாதாரண ஃபுல் எச்டி டிவியோ கணினி மானிட்டரோ போதும். மானிட்டர் என்றால் அதில் ஸ்பீக்கரோ ஹெட்போன் துளையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அடுத்த தீபாவளிக்கு எப்படியும் டிவியை மாற்றுவோம். 35,000 ரூபாய்தான் கணக்கு. அட்டையில் 120 ஹெர்ட்ஸ், எச்டிஆர், எச்டிஎம்ஐ 2.1 என்று போட்டிருக்கிறதே, எதை நம்புவது?

அட்டையை விட்டுவிட்டு, அந்த மாடலின் கையேட்டை நிறுவனத்தின் தளத்தில் இறக்கிப் படியுங்கள். எந்தெந்தப் படமுறைகளை ஏற்கும் என்று அதில் ஓர் அட்டவணை இருக்கும். அதில் 3840×2160 என்பதற்கு நேராக 120Hz இருந்தால்தான் 4கேயில் நொடிக்கு 120 பிரேம் வரும். அட்டையில் பெரிதாக இருக்கும் 120, திரைப்படத்தின் அசைவை வழுவழுப்பாக்க டிவி தானே இடையில் பிரேம் சேர்ப்பதைக் குறிப்பதாகவும் இருக்கலாம். எச்டிஎம்ஐ 2.1 என்ற பெயரை மட்டும் வைத்தும் முடிவு செய்யாதீர்கள், அந்தத் தரத்தின் பல வசதிகள் கட்டாயமானவை அல்ல. எச்டிஆர் என்பதும் விலை குறைந்த டிவிகளில் அந்தச் சமிக்ஞையை ஏற்கும் என்ற அளவோடு நின்றுவிடுவதுண்டு. திரையில் போதிய வெளிச்சம் இல்லாததால் எச்டிஆர் போட்டதும் படம் முன்னைவிட மங்கலாகவே தெரியும்.

உங்கள் தொகைக்கு 4கேயில் 60 ஹெர்ட்ஸும் ஒழுங்கான கேம் மோடும் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம், ஏனென்றால் 120 பிரேமில் ஓடும் விளையாட்டுகள் குறைவு. கொஞ்சம் கூட்டிப் போட்டு 120 ஹெர்ட்ஸ் மாடலையே வாங்குவதானால், எந்த எண்ணுள்ள போர்ட்டில் அது வருகிறது என்பதையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள். பல டிவிகளில் நான்கில் இரண்டு போர்ட்டுகளுக்கு மட்டுமே அந்தத் திறன் இருக்கும். அவற்றிலும் ஒன்றே சவுண்ட்பார் மாட்டும் ஏஆர்சி போர்ட்டாக அமைந்துவிட்டால், கன்சோலுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு போர்ட்தான்.