பெல்ட்டில் கை மாட்டியதற்குக் காரணம் கவனயீனம் மட்டும்தானா?

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் ஒருவரின் விரல்கள் பெல்ட்டில் நசுங்கின. "கவனயீனம்" என்று எழுதிவிட்டார்கள். உண்மையான காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: அந்த இடத்தில் வேறொருவர் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்பாரா?

நான் பார்த்த ஒரு விபத்தும் இதே மாதிரிதான். இரவு ஷிஃப்டில், ஓடும் பெல்ட்டின் உருளையில் ஒட்டிய கொழுந்துச் சாற்றை ஒருவர் சுரண்டினார், கை உள்ளே போனது. மற்றவர்களைத் தனித்தனியாக, குற்றம் சாட்டாமல் விசாரித்தோம். எல்லோரும் அப்படித்தான் சுரண்டுவார்களாம்.

ஏன் நிறுத்தவில்லை? சுவிட்ச் மறுகோடியில். நிறுத்தினால் பின்னால் கொழுந்து குவிந்துவிடும், ஏச்சு விழும். பாதுகாப்பு மூடி எங்கே? போல்ட் துளைகளில் துரு ஏறியிருந்தது, அதாவது மூடி கழன்று மாதக்கணக்காகிறது. ஸ்பேனர் பகலில் வரும் ஃபிட்டரிடம். சரி, சாறு ஏன் இவ்வளவு ஒட்டுகிறது? இயந்திரத்திலேயே பொருத்தியிருக்கும் சுரண்டும் தகடு தேய்ந்திருந்தது, அதை மாற்றுவது யார் பொறுப்பிலும் இல்லை.

"ஏன் நிறுத்தவில்லை" என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் தகட்டைத் தவறவிட்டிருப்போம். தகட்டை மாற்றி, திறந்தால் இயந்திரம் நிற்கும் மூடி போட்டு, பெல்ட் நெடுக இழுத்து நிறுத்தும் கயிறும் கட்டினார்கள். அறிக்கையின் பரிந்துரை "கவனமாக இருக்கவும்" என்று மட்டும் இருந்தால், விசாரணை முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.