சீட்டில் இருப்பது வெறும் "14": லட்சமா, ஆயிரமா?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கத்தில் உள்ள எங்கள் ஐயா கட்டிய வீட்டின் பின்கட்டைப் பிரித்தபோது, காரைக்குடி பழம்பொருள் வியாபாரி ஒருவர் பர்மா தேக்குத் தூண் எட்டையும் நிலைக்கதவு ஒன்றையும் வாங்கிக்கொண்டார். தூண் ஒவ்வொன்றும் பத்தடி உயரம், ஓரடி குறுக்களவு. அவருடைய புத்தகத்தில் "தூண் 8, நிலை 1 – 14. முன் 1" என்று எழுதிக் கையெழுத்திட்டு, கார்பன் பிரதியை என்னிடம் கொடுத்தார். அன்றே வங்கியில் ஒரு லட்சம் வந்தது. சரக்கை ஏற்றிப் போனபின், உருப்படிக்குப் பதினாலாயிரம் என்றுதான் பேசினோம் என்று சொல்லி, "பாக்கி முழுதும்" என்ற குறிப்புடன் 26,000 அனுப்பியிருக்கிறார். எங்கள் வீட்டில் சாப்பிட்டு, என்னை ஆச்சி ஆச்சி என்று அழைத்தவர் இப்படிச் செய்தது நெஞ்சை அறுக்கிறது. '14' பக்கத்தில் 'லட்சம்' என்று எழுதிக்கொண்டால் என்ன என்கிறான் மகன். வழக்குப் போடலாமா?

பதில்: அவர் எப்படிப் பழகினார் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. சரக்கு கை மாறிவிட்டது என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி. பொருள் நிச்சயமில்லாத உடன்பாடு செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. "ஐந்நூறு ரூபாய்க்கோ ஆயிரம் ரூபாய்க்கோ என் வெள்ளைக் குதிரையை விற்கிறேன்" என்பதை அதற்கு உதாரணமாகவும் தருகிறது. நீங்கள் விற்றது நிலமாகவோ வீட்டுப் பங்காகவோ இருந்து, அலகில்லாத ஓர் எண் மட்டும் சீட்டில் இருந்திருந்தால், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் பிரித்தெடுத்து விற்கப்படும் தூணும் கதவும் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி சரக்குகள். விலை தீர்மானிக்கப்படவில்லை என்றே நீதிமன்றம் முடிவு செய்தாலும், வாங்கியவர் நியாயமான விலையைத் தந்தாக வேண்டும் என்று அச்சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். எவ்வளவு கிடைக்கும் என்பதே கேள்வி.

இனி மகன் சொன்னதற்கு வருகிறேன், ஏனெனில் நல்ல வழக்கைக் கட்சிக்காரர்கள் தம் கையாலேயே கெடுத்துக்கொள்வதை நான் பார்த்திருப்பது இந்த இடத்தில்தான். சீட்டில் ஒரு புள்ளியும் கூடுதலாக வைக்காதீர்கள். மூலம் அவருடைய புத்தகத்தில் இருக்கிறது; உங்களுடையது கார்பன் பிரதி. பிரதியில் பேனாவால் எழுதிய 'லட்சம்' மூலத்தில் இருக்காது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த அந்த நிமிடத்தில் நீங்கள் ஏமாற்றப்பட்டவர் என்ற நிலை மாறி, ஆவணத்தைத் திருத்தியவர் ஆகிவிடுவீர்கள். அது போலி ஆவணம் புனைந்த குற்றமாகிச் சிறைத் தண்டனை வரை போகக்கூடியது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நீதிபதி நம்ப மாட்டார்.

அந்தத் திருத்தம் உங்களுக்குத் தேவையும் இல்லை. அதே சீட்டில், அதே கையெழுத்தில் "முன் 1" என்று இருக்கிறது. வங்கிக் கணக்கில் அன்றைய தேதியில் 1,00,000 ரூபாய் வரவு இருக்கிறது. எழுதியவர் 'ஒன்று' என்று லட்சத்தைத்தான் குறித்தார் என்றால், அதற்கு முந்தைய எண்ணை மட்டும் ஆயிரத்தில் குறித்தார் என்பதற்கு அவர் காரணம் சொல்ல வேண்டும். அவர் கணக்குப்படி மொத்தம் 1,26,000 ரூபாய். அதில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டைச் சரக்கைத் தொடுமுன் முன்பணமாகக் கொடுத்தார் என்று ஆகிறது. உங்கள் கணக்குப்படி முன்பணம் ஏழு விழுக்காடு. எது வியாபார வழக்கம் என்பது எவருக்கும் தெரியும்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர், ஆவணத்தின் முகத்திலேயே தெரியும் தெளிவின்மையை வாய்மொழிச் சாட்சியத்தால் நிரப்பக்கூடாது என்ற விதியைக் கொண்டுவருவார். அவ்விதி இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 96-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் சுருக்கக் குறியீடு, வட்டார வழக்கு, தொழில்முறைச் சொல் ஆகியவற்றின் பொருளைக் காட்டச் சாட்சியம் தரலாம் என்று 101-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. எனவே "அவர் பதினாலு லட்சம் என்று சொன்னதை நான் கேட்டேன்" என்று சொல்லும் உறவினரைவிட, "எங்கள் தொழிலில் சீட்டில் இப்படித்தான் எழுதுவோம்" என்று சொல்லும் இன்னொரு வியாபாரிதான் உங்களுக்கு வேண்டிய சாட்சி.

இரண்டாவது அபாயம் அந்த 26,000 ரூபாய். "பாக்கி முழுதும்" என்ற குறிப்போடு வந்த பணத்தை வாய் திறவாமல் வைத்துக்கொண்டால், குறைந்த தொகையை முழுத் திருப்தியாக ஏற்றுக்கொண்டீர்கள் என்று அவர் ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவைக் காட்டி வாதிடுவார். இந்த வாரமே பதிவுத் தபாலில், அத்தொகையை மொத்த விலையில் ஒரு பகுதியாக மட்டுமே வரவு வைத்திருப்பதாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் இனி எந்த எண்ணும் அனுப்பாதீர்கள். வேறொரு வழக்கில், கோபத்தில் தட்டிய "8 போதும்" என்ற ஒரு வரியை அந்த அம்மாள் விலையை ஒப்புக்கொண்டதாகவே எதிர்த்தரப்பு காட்டியது.

மூன்றாவது, மனுவில் 14 லட்சத்தை மட்டும் கேட்டுவிட்டு நிற்பது. கேட்காத நிவாரணத்தை நீதிமன்றம் எளிதில் தராது. பேசிய விலை 14 லட்சம் என்று முதலிலும், அது நிரூபணமாகாவிட்டால் நியாயமான விலை என்று மாற்றுக் கோரிக்கையாகவும் கேட்க வேண்டும். காலவரம்பு சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்.

அந்த நியாயமான விலையைத்தான் நீங்கள் நிதானமாகக் கணக்கிட வேண்டும். நீங்கள் தந்த அளவின்படி ஒரு தூண் சுமார் 7.85 கன அடி. அவர் சொல்லும் 14,000 ரூபாய் கன அடிக்கு 1,800 ரூபாய்க்கும் கீழே வருகிறது. மரக்கடையில் சாதாரணத் தேக்கின் இன்றைய விலைப்பட்டியலை எழுத்தில் வாங்கிப் பக்கத்தில் வையுங்கள், அவர் வாதத்தின் கதி தெரிந்துவிடும். ஆனால் உங்கள் பக்கமும் பாருங்கள். நிலைக்கதவுக்கு 2 லட்சம் ஒதுக்கினாலும், மீதி 12 லட்சம் எட்டுத் தூண்களுக்குக் கன அடிக்கு 19,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அது மரத்தின் விலையன்று, வேலைப்பாட்டுக்கும் பழமைக்கும் கொடுக்கும் விலை. அதை நிரூபிக்கத் தூண்களின் படங்களும் மதிப்பீட்டாளரும் வேண்டும். தூண்களோ இந்நேரம் எந்த ஊர் விடுதியின் முகப்பில் நிற்கின்றனவோ.

பழமையை நிறுவப் போகும்போது இன்னொரு கதவும் திறக்கும். நூறாண்டுக்குக் குறையாத கட்டடத்திலிருந்து கழற்றிய பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்ட வரையறைக்குள் வரக்கூடும். அவற்றை வணிகமாக விற்க உரிமம் வேண்டும். உரிமப் பிரச்சினை பெரும்பாலும் வியாபாரியுடையதுதான் என்றாலும், விற்பனையே சட்டத்துக்குப் புறம்பானது என்று அவர் திரும்பி நிற்க இடம் கிடைக்கும். வீடு கட்டிய ஆண்டை ஆவணத்தோடு சரிபார்க்காமல் நோட்டீஸில் எழுதாதீர்கள். பங்காளிகளின் சம்மதம் எழுத்தில் இல்லையென்றால் அதையும் இப்போதே வாங்குங்கள். வழக்கு எண் விழுந்ததும் பங்கு கேட்டு வருபவர்கள் உண்டு.

இவற்றையெல்லாம் எடை போட்டால், 12,74,000 ரூபாய் பாக்கிக்காக ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட, நோட்டீஸ் அனுப்பிவிட்டு வட்ட சட்டப் பணிகள் குழுவின் மூலம் பேசி முடியுங்கள் என்பதே என் யோசனை. ஏற்கெனவே வந்த 1,26,000 போக, மேலும் ஐந்து ஆறு லட்சம் ரூபாய் கிடைத்தால் மறுக்க வேண்டாம். அந்தச் சமாதானப் பத்திரத்தில் பொருள்களைத் தனித்தனியாகவும், விலை உருப்படிக்கா மொத்தத்துக்கா என்பதையும், தொகையை 'ரூபாய்' என்ற சொல்லுடன் எண்ணாலும் எழுத்தாலும், பணம் வரவேண்டிய தேதியோடு எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.